பழைய சந்தா பாக்கியை எங்கே காட்டுவது?

வணக்கம். எங்கள் விளையாட்டு மன்றத்தின் ஆண்டுக் கணக்கை முடித்துக்கொண்டிருக்கிறேன். சந்தா விஷயத்தில் ஓர் உதவி வேண்டும்.

இந்த ஆண்டு கைக்கு வந்த சந்தா 60,000. எந்த ஆண்டுக்கு உரியது என்று பார்க்காமல், முழுவதையும் பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கில் எழுதிவிட்டேன். அது ரொக்கத்தைக் காட்டும் கணக்கு என்பதால் அதில் சந்தேகம் இல்லை.

வருவாய் மற்றும் செலவினக் கணக்குக்கு இந்த ஆண்டுக்கு உரியது மட்டும்தானே போக வேண்டும்? வந்த பணத்தில் 4,000 போன ஆண்டு பாக்கி, 6,000 அடுத்த ஆண்டுக்கு முன்பணம். இரண்டையும் கழித்தால் 50,000. இந்த ஆண்டுக்கு இன்னும் வரவேண்டியது 9,000. அதைக் கூட்டி 59,000 என்று போட்டிருக்கிறேன். முன்பணம் 6,000 இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புப் பக்கம் போய்விடும். இதுவரை சரி என்றே நினைக்கிறேன்.

சிக்கல் இங்கேதான். போன ஆண்டு முடிவில் வரவேண்டிய சந்தா 7,000 என்று சொத்தாகக் காட்டியிருந்தோம். வந்தது 4,000தான். மீதி 3,000 தரவேண்டியவர்கள் மன்றத்தை விட்டே போய்விட்டார்கள்.

அதையும் சேர்த்து வரவேண்டிய சந்தா 12,000 என்று காட்டினால், வராத பணத்தைச் சொத்து என்று சொல்வதாகிவிடும். அதனால் 3,000ஐ வாராக்கடனாக இந்த ஆண்டுச் செலவில் எழுதி, 9,000 மட்டும் காட்டலாம் என்பது என் எண்ணம். 59,000இல் நேராகக் கழித்துவிடலாம் என்கிறார் பொருளாளர். அப்படிச் செய்தால் இந்த ஆண்டுச் சந்தாவே குறைந்ததுபோல் தெரியாதா?

மன்றக் கணக்கு எழுதிப் பழகியவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்? செயற்குழுவின் ஒப்புதல் தீர்மானம் தேவையா என்பதையும் சொல்லுங்கள்.