பிரீமியர் புரோ சான்றிதழ் இல்லாமல் நிறுவன வேலை கிடைக்குமா?

திருப்பூர் எடிட்டர்:
வணக்கம். கல்யாண வீடியோ, யூடியூப் சேனல் வேலைகளைத் தனியாகச் செய்து வருகிறேன். இப்போது ஒரு பயிற்சி நிறுவனம் தங்கள் வகுப்பு வீடியோக்களை எடிட் செய்துதரக் கேட்டிருக்கிறது. அவர்கள் அனுப்பிய படிவத்தில் "மென்பொருள் சான்றிதழ்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. என்னிடம் இருப்பது எங்கள் ஊர் கணினி மையத்தில் படித்து வாங்கிய டிப்ளமோ மட்டும்தான். அதைப் போட்டால் போதுமா, அல்லது அடோபி தேர்வு எழுதியே ஆக வேண்டுமா? இதுவரை எந்த கிளையன்ட்டும் கேட்டதில்லை.

கத்தரி:
யாரும் கேட்க மாட்டார்கள் நண்பா, காசைக் கரியாக்காதே. ஷோரீலை அனுப்பு, போதும். நான் இத்தனை வருஷமாக ஓட்டுவது அதை வைத்துத்தான்.

மதுரை மீனா:
என்னிடம் கேட்டார்கள். ஒரு பயிற்சி மையத்தில் போட்டோஷாப் சொல்லித்தரப் போனபோது முதல் கேள்வியே அதுதான். தேர்வு எழுதிய பிறகுதான் வேலை கொடுத்தார்கள். அதனால் எழுதிவிடுங்கள்.

பழைய டைம்லைன்:
மீனா சொல்வது ஆசிரியர் வேலை. அங்கே மாணவர்களிடம் காட்ட மையத்துக்கே அந்தத் தாள் தேவை. கத்தரி சொல்வது நேரடி கிளையன்ட். தம்பிக்கு வந்திருப்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

பெரும்பாலும் இந்தப் படிவம் கொள்முதல் பிரிவு எல்லா வெண்டருக்கும் அனுப்பும் பொதுப் படிவமாகத்தான் இருக்கும். வீடியோவைப் பார்த்துச் சரி சொல்பவர் வேறு ஆள். அவரிடம் "இந்தக் கட்டம் கட்டாயமா?" என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

ஊர் மையத்து டிப்ளமோவை அடோபி சான்றிதழ் என்று எழுதவே எழுதாதீர்கள். "பிரீமியர் புரோ டிப்ளமோ" என்று மையத்தின் பெயரோடு உள்ளதை உள்ளபடி போடுங்கள். அடோபி சர்டிஃபைட் புரொஃபஷனல் என்பது தனி. 50 நிமிடத் தேர்வு, 1000-க்கு 700 எடுத்தால் தேர்ச்சி, 3 வருஷம் செல்லும். மென்பொருளை இயக்குவது பற்றி மட்டுமே கேட்பதில்லை; காப்புரிமை, கிளையன்ட்டிடம் தேவையைக் கேட்டு வாங்குவது பற்றியும் கேள்விகள் வரும். பல வருஷம் எடிட் செய்தவர்கள்கூட அந்தப் பகுதியில் தடுமாறுவார்கள்.

செலவில்லாமல் ஏதாவது வேண்டுமென்றால் டாவின்சி ரிசால்வ் பக்கம் போங்கள். அந்த எடிட்டிங் மென்பொருளைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் தன் பயிற்சிப் புத்தகங்களையும் அவற்றுக்கான கிளிப்புகளையும் இலவசமாகவே தருகிறது. படித்து முடித்ததும் இணையத்திலேயே தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கலாம்.

கத்தரி:
அண்ணா, படிவ விஷயம் சரி. ஆனால் சான்றிதழைப் பார்த்து யாராவது கூடுதல் ரேட் கொடுத்ததுண்டா?

பழைய டைம்லைன்:
எனக்குக் கொடுத்ததில்லை. என்னிடம் காகிதம் கேட்டவர்கள்கூட அதிகம் கேட்டது வேறு காகிதம்: பின்னணி இசைக்கும் எழுத்துருவுக்கும் உரிமம். வீடியோ வெளியான பிறகு காப்புரிமைப் புகார் வந்தால் மாட்டிக்கொள்வது அவர்கள்தானே. அந்த ரசீதுகளை ஒவ்வொரு வேலைக்கும் தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

திருப்பூர் எடிட்டர்:
கேட்டுப் பார்த்தேன். கட்டாயமில்லையாம். அதற்குப் பதிலாக ஒரு சாம்பிள் கொடுத்திருக்கிறார்கள்: போனில் எடுத்த நீளமான வகுப்பு, தனியாகப் பதிந்த காலர் மைக் ஆடியோ. தொடக்கத்தில் உதடும் குரலும் சரியாகப் பொருந்துகின்றன, கடைசியில் குரல் முந்திப் போகிறது. சிங்க் செய்ததில் தவறில்லை, திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

பழைய டைம்லைன்:
போன் கிளிப்பின் மேல் ரைட் கிளிக் செய்து `Properties` பாருங்கள். `Variable Frame Rate Detected` என்று இருக்கிறதா? பல போன்கள் ஒரே வேகத்தில் பதியாது, ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் `Constant Framerate` தேர்ந்தெடுத்து, 25 அல்லது 30, ஒரிஜினலுக்கு எது நெருக்கமோ அதில் மாற்றி, அந்தக் கோப்பை இம்போர்ட் செய்யுங்கள். பிறகு தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடத்தில் உதட்டைப் பாருங்கள்.

அப்படியும் விலகினால் மைக் ரெக்கார்டரின் கடிகாரமும் போனின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். ஆடியோவை நடுநடுவே பேச்சு நிற்கும் இடங்களில் வெட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

திருப்பூர் எடிட்டர்:
அதேதான் அண்ணா, `Variable Frame Rate Detected` என்று காட்டியது. மாற்றிய பிறகு கடைசி வரை பொருந்துகிறது. இன்று இரவே அனுப்பிவிடுகிறேன். படிவத்தில் டிப்ளமோவை மட்டும் மையத்தின் பெயரோடு எழுதிவிட்டேன்.

மதுரை மீனா:
அந்த 3 வருஷம் முடிந்தால் மறுபடி காசு கட்டித்தான் எழுத வேண்டுமா? எனக்கு அடுத்த வருஷம் முடிகிறது. மையம் அப்போதும் புதிதாகக் கேட்குமா என்று அங்கே யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

கத்தரி:
ஒருமுறை வேலை கொடுத்த பிறகு திரும்பப் பார்ப்பார்களா அக்கா? இப்போதே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.