மூன்று ரோம் மாற்றியும் சிக்னல் நிற்கவில்லை, உதவி தேவை

கதிர்_சேலம்:
வணக்கம். நாலு வருடப் பழைய போன், குவால்காம் சிப். போன வாரம் பூட்லோடர் திறந்து கஸ்டம் ரோம் போட்டேன். சிக்னல் கோடு வந்து இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறது. ரோம் சரியில்லை என்று வேறொன்று போட்டேன், ஒழுங்காக இருந்தது. அதில் கேமரா பிடிக்காமல் மூன்றாவதுக்குப் போனேன், மறுபடி சிக்னல் போச்சு. சரி என்று இரண்டாவதற்கே திரும்பினேன், நன்றாக ஓடியது. நேற்று அதன் புதிய பதிப்பை சைட்லோட் செய்தேன், பழையபடி ஆகிவிட்டது. சிம் மாற்றிப் பார்த்தாயிற்று. ஐஎம்இஐ இரண்டும் சரியாகத் தெரிகின்றன.

ரூட்_ராஜா:
ஃபார்மட் டேட்டா செய்யாமல் மேலேயே போட்டிருப்பீர்கள். அதிலும் சரியாகாவிட்டால் modemst1, modemst2 இரண்டையும் அழித்துவிடுங்கள். மோடம் தானே புதிதாக எழுதிக்கொள்ளும். எனக்கு அப்படித்தான் சரியானது.

நெல்லை_வாசகன்:
ஏபிஎன் தப்பாக இருக்கும். என் போனிலும் நெட் வரவில்லை, ஏபிஎன் மாற்றியதும் வந்துவிட்டது.

பூங்கோதை:
கதிர், முதலில் அதை அழிக்காதீர்கள். ராஜா சொல்வது சில போன்களில் உண்மை. fsg என்ற பகுதியில் நல்ல பிரதி இருந்தால் அதிலிருந்து மீண்டுவிடும். பிரதி இல்லையென்றால் ஐஎம்இஐயோடு, அந்தப் போனின் ரேடியோவுக்கென்று தொழிற்சாலையில் அளந்து எழுதிய அளவுகளும் போய்விடும். ஐஎம்இஐ சரியாகத் தெரியும்போது அங்கே கை வைப்பானேன்?

ஏபிஎன் தப்பானால் நெட்தான் வராது. இவருக்கு டவர் தொடர்பே போகிறது.

டவரோடு பேசுவது ஆண்ட்ராய்டு இல்லை. சிப்புக்குள் மோடம் என்று தனிப் பகுதி இருக்கிறது, அதற்குத் தனி மென்பொருள். அதுதான் பேஸ்பேண்ட். அது modem என்ற வேறு பார்ட்டிஷனில் கிடக்கிறது. பெரும்பாலான ரோம் ஜிப்கள் அதைத் தொடுவதே இல்லை. வீட்டுக்கு எத்தனை முறை வெள்ளையடித்தாலும் கிணற்று மோட்டார் அதே மோட்டார்தான்.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறைத்தது வேறு. ஒன்று விட்டு ஒன்று சரியாகிறது. அதே ரோம் ஒரு முறை நல்லது, ஒரு முறை கெட்டது. உங்கள் போனில் a, b என்று இரண்டு ஸ்லாட் இருக்க வேண்டும். சைட்லோட் செய்யும் ஒவ்வொரு ரோமும் அப்போது ஓடாத ஸ்லாட்டில் ஏறி, அதிலிருந்து போனைக் கிளப்பும். ஆனால் modem_a, modem_b அப்படியே நிற்கும். ஒன்றில் பழைய பேஸ்பேண்ட் கிடந்தால் நீங்கள் சொல்வது போலவே நடக்கும். இதைப் போட்டுப் பாருங்கள்:

```
adb shell getprop ro.boot.slot_suffix
adb shell getprop gsm.version.baseband
```

கதிர்_சேலம்:
`_b` என்று வருகிறது. ரோம் நன்றாக ஓடிய நாளில் 'போன் பற்றி' பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். அதில் இருந்த பேஸ்பேண்ட் பதிப்பும் இப்போது வருவதும் வேறு வேறு! இப்போதுள்ளது பழையது.

பூங்கோதை:
அப்போ அதேதான். கம்பெனி அப்டேட்டும் மாறி மாறித்தான் ஸ்லாட்டில் ஏறும். அதனால் b ஒரு அப்டேட் பின்தங்கி நின்றிருக்கிறது. உங்கள் மாடலுக்கான, அதே பகுதிக்கான ஸ்டாக் தொகுப்பை எடுங்கள். ரோம் பக்கத்தில் எந்த ஸ்டாக் பதிப்பு வேண்டும் என்று போட்டிருப்பார்கள், அதையே எடுங்கள். அதிலிருந்து மோடம் ஃபைலை இரண்டிலும் எழுதுங்கள்:

```
fastboot flash modem_a modem.img
fastboot flash modem_b modem.img
```

சில தொகுப்பில் இதன் பெயர் NON-HLOS.bin. மோடத்தை மட்டும் மாற்றினாலும் பல நேரம் ஓடும், ஆனால் dsp, bluetooth ஃபைல்களும் அதே தொகுப்பிலிருந்து போனால் நிம்மதி. இப்போதிருப்பதைவிடப் பழைய தொகுப்பைப் போடாதீர்கள். சில போன்கள் பின்னோக்கிப் போனால் கிளம்பவே கிளம்பாது.

ரூட்_ராஜா:
ஆர்ஐஎல் ரோமுக்குள்தானே இருக்கிறது? அப்போ ரோமும் காரணமாகலாம் இல்லையா?

பூங்கோதை:
ஆகலாம், மறுக்கவில்லை. ஆனால் ஆர்ஐஎல் மோடத்துக்குக் கடிதம் கொண்டுபோகும் தபால்காரர் மாதிரி. அவர் மட்டும் சரியில்லை என்றால் ஒரே ரோம் இப்படி மாறி மாறி நடக்காது.

திருச்சி_அன்வர்:
அக்கா, எனக்கு பேஸ்பேண்ட் "Unknown", ஐஎம்இஐ 0. நானும் மோடம் ஃபைல் போட்டால் போதுமா?

பூங்கோதை:
உங்கள் கதை வேறு. மோடமே கிளம்பவில்லை. முழு ஸ்டாக் போட்டுப் பாருங்கள். பேஸ்பேண்ட் வந்து ஐஎம்இஐ மட்டும் 0 என்றே நின்றால், நீங்கள் முன்பு எடுத்து வைத்த modemst பேக்அப்தான் நம்பகமான வழி. வேறு போனின் பேக்அப்பை ஏற்றாதீர்கள். அந்த ஐஎம்இஐயும் கூடவே வரும், இந்தியாவில் அது குற்றம்.

திருச்சி_அன்வர்:
பேக்அப் எடுக்கவில்லை...

கதிர்_சேலம்:
எழுதினேன். காலையிலிருந்து சிக்னல் விழவே இல்லை, இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே பதிப்பு. ஆனால் இரண்டாவது சிம்மில் மட்டும் வோல்ட்இ வரவில்லை.

பூங்கோதை:
அது ரோமாகவும் இருக்கலாம், மோடத்துக்குள் இருக்கும் அந்த நெட்வொர்க்கின் அமைப்பாகவும் இருக்கலாம். ஸ்டாக்கில் அதே சிம்மில் வந்ததா?

கதிர்_சேலம்:
அந்த சிம் வாங்கியதே போன வாரம்தான்.