பாக்கெட் வியர்க்கிறதா, ஒழுகுகிறதா

(எங்கள் குடும்பக் குழு, வியாழக்கிழமை காலை)

கார்த்தி 7:06
அண்ணா, இன்றைக்கும் 9 பாக்கெட் ஒழுகல். முதல் தெருவிலேயே 3 வீட்டில் திட்டு வாங்கினேன், பெட்டிக்குள் அடியில் பால் தேங்கி மீதி பாக்கெட் எல்லாம் பிசுபிசு என்று ஆகிவிட்டது. நம் பால் பாக்கெட் அடிக்கிற மெஷினை யாராவது ஒழுங்காகப் பாருங்கள்.

செல்வம் 7:11
9 எல்லாமே ஒழுகலா, இல்லை வெளியில் ஈரமாக இருந்ததைப் பார்த்துச் சொல்கிறாயா? குளிர்ந்த பாக்கெட் வியர்க்கத்தான் செய்யும்.

கார்த்தி 7:12
அதுதான் எனக்கும் தெரியவில்லை. எல்லாமே ஈரம்.

முருகேசன் மாமா 7:20
மாப்பிள்ளை, சூடு பத்தவில்லை, அவ்வளவுதான். சீல் ஹீட்டை இரண்டு பாயிண்ட் ஏற்று. எங்கள் ஊர் அப்பளக் கம்பெனியில் கவர் பிரிந்தபோது இப்படித்தான் சரி செய்தார்கள்.

கௌரி அத்தை 7:34
எனக்கும் நேற்று பால் திரிந்துவிட்டது செல்வம். ஒழுகவில்லை, பாக்கெட் முழுசாகத்தான் இருந்தது, அடுப்பில் வைத்ததும் தெறித்துப் போய்விட்டது. பழைய பாலைக் கலக்கிறீர்களா என்ன?

மீனா 7:36
ஐயோ அத்தை, அப்படி எல்லாம் இல்லை 🙏

பெரியப்பா 8:02
இப்போதுதான் பார்த்தேன். ஹீட்டில் யாரும் கை வைக்க வேண்டாம். மீனா, ஒழுகின பாக்கெட் ஏதாவது தூக்கிப் போடாமல் இருக்கிறதா? அடி சீலை இரண்டு விரலால் பிடித்துப் பிரித்துப் பார். ஒட்டின இடமே இரண்டு தாளாகப் பிரிந்து வந்தால் சூடு குறைவு, முருகேசன் சொன்னது சரி. சீல் கெட்டியாக நின்று, அதை ஒட்டின உள் ஓரத்தில் ஃபிலிம் நூலாக இழுத்துக் கிழிந்திருந்தால் சூடு அதிகம், இல்லையென்றால் சீல் ஆறுவதற்கு முன்னால் பால் வந்து விழுகிறது. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர்.

மீனா 8:25
பெரியப்பா, 5 எடுத்துப் பார்த்தேன். சீல் பிரியவே இல்லை. அதற்கு மேலே ஒரு நூல் அளவு தள்ளி ஃபிலிம் மெலிந்துபோய், வெளிச்சத்தில் பிடித்தால் சின்னச் சின்ன ஓட்டை. ஓட்டை ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது.

பெரியப்பா 8:31
ஒரே இடத்தில் இருந்தால் டெஃப்லான் துணி அந்த இடத்தில் கருகியிருக்கிறது என்று சொல்லியிருப்பேன். வேறு வேறு இடம் என்றால் ஃபிலிமை அழுத்திச் சீல் அடிக்கிற தாடை முழுவதும் சூடாகிறது. செல்வம், தாடைக்குள் ஓடும் தண்ணீர் வெளியே வருகிற குழாயைத் தொட்டுப் பார்த்தாயா எப்போதாவது?

செல்வம் 8:40
தண்ணீர் வருகிறது பெரியப்பா. ஆரம்பிக்கும்போது நான்தான் திறந்து விடுவேன். போன வாரம் புது ரோல் மாட்டினபோது சீல் பிரிந்தது, அதனால் ஹீட்டை ஏற்கெனவே கொஞ்சம் கூட்டித்தான் வைத்திருக்கிறேன்.

பெரியப்பா 8:48
அதை முதலிலேயே சொல்ல வேண்டாமா 😀 வருகிறதா என்று கேட்கவில்லை, அரை மணி ஓடின பிறகு எவ்வளவு வருகிறது, எவ்வளவு சூடாக வருகிறது என்று கேட்டேன். மேலிருந்து விழுகிற அரை லிட்டர் பாலை, ஒரு கணம் முன்னால் உருகி ஒட்டின சீல்தான் தாங்குகிறது. அது ஆறவில்லை என்றால் மெழுகு மாதிரி இழுபடும். பாக்கெட் அடுக்குகிற டப்பில் முதல் சில டப் வரை தாடை ஜில்லென்று இருக்கும், ஒன்றும் தெரியாது. இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள், ஒவ்வொரு டப்பிலும் சாக்பீஸால் 1, 2, 3 என்று நம்பர் போடுங்கள். 20 டப்பும். கார்த்தி எந்த டப்பில் ஒழுகியது என்று குறித்துக்கொள்ளட்டும்.

கார்த்தி 8:50
முதல் தெருவில்தான் ஒழுகல் அதிகம் பெரியப்பா, அப்படியென்றால் முதல் டப் அல்லவா?

மீனா 8:52
இல்லை தம்பி, கடைசியில் அடித்த டப் அடுக்கின் மேலே இருக்கும், நீ அதைத்தான் முதலில் ஏற்றுவாய்.

முருகேசன் மாமா 9:05
எல்லாப் பாக்கெட்டையும் தராசில் வைத்தால் போயிற்று. 500 மில்லி பால் 515 கிராம் வரும், குறைந்தால் ஒழுகல்.

பெரியப்பா 9:10
அளவு சரியாக விழுகிறதா என்று பார்க்கத் தராசு நல்லதுதான் முருகேசா. ஆனால் ஊசி முனை ஓட்டையில் அந்த நேரத்துக்கு ஒரு கிராம்கூடப் போயிருக்காது. கையால் அழுத்திப் பார்ப்பதுதான். 480-ஐயும் முடியாது, டப்புக்கு 2 எடுத்து, துணியால் நன்றாகத் துடைத்து, அடி சீல் கீழே வருகிற மாதிரி செய்தித்தாள் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும். இதைக் கோல்டு ரூமுக்குள்ளேயே செய்யுங்கள். அங்கே காற்றும் குளிர், பாக்கெட்டும் குளிர், அதனால் வியர்க்காது. தாளில் ஈரம் பட்டால் அது பால்தான். வெளியே வைத்துப் பார்த்தால் நாள் முழுவதும் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

செல்வம் 9:15
ஒழுகுகிறதை அங்கேயே வெட்டி டேங்கில் ஊற்றிவிடலாமா?

பெரியப்பா 9:17
ரவுண்டு போய்த் திரும்பி வந்ததை ஒருபோதும் ஊற்றாதே. அடித்த உடனே கோல்டு ரூமில் கிடைத்ததை எடுத்து வைத்து, மறுபடி பாஸ்டுரைஸ் செய்கிற பாலோடு சேர்க்கலாம். நேராக நிரப்புகிற டேங்கில் ஊற்றக் கூடாது.

மீனா 9:19
எனக்கு அதுவும் மனசு ஒப்பவில்லை. வீட்டுக்குத் தயிர் போட்டுவிடுகிறேன்.

கௌரி அத்தை 9:30
என் பால் ஏன் திரிந்தது என்று யாரும் சொல்லவில்லை.

கார்த்தி 9:33
அத்தை, உங்கள் வீட்டுக்கு நான் வருவது 5:10-க்கு. கேட்டில் மாட்டின பையில் போட்டுவிட்டுப் போகிறேன். நீங்கள் எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்?

கௌரி அத்தை 9:41
எட்டு இருக்கும். கோயிலுக்குப் போய்விட்டு வந்து எடுத்தேன்.

கார்த்தி 9:42
🤐

பெரியப்பா 9:50
அத்தையை மட்டும் சொல்லாதே. உன் பெட்டியையும் பார்க்க வேண்டும். நாளைக்கு இரண்டு பாக்கெட்டை ஒட்டி வைத்து நடுவில் தெர்மாமீட்டரைச் செருகி 5 நிமிடம் விடு. கிளம்பும்போது ஒன்று, கடைசி வீட்டில் ஒன்று.

(வெள்ளிக்கிழமை)

மீனா 6:20
பெரியப்பா, நேற்றிரவு 11-வது டப் வரை தாள் காய்ந்தே இருந்தது. 12-ல் ஒன்று, 14-ல் ஒன்று, 17-ல் இரண்டுமே. உடனே இவர் போய்க் குழாயைத் தொட்டார், தண்ணீர் சுடச்சுட நூல் மாதிரி வருகிறது. கழற்றிப் பார்த்தால் வலையில் உப்பு அடைத்துக்கொண்டிருக்கிறது, போர் தண்ணீர் அல்லவா. சுத்தம் செய்து, ஹீட்டையும் பழைய இடத்துக்கு இறக்கி, 12 முதல் 17 வரை எல்லாப் பாக்கெட்டையும் அழுத்திப் பார்த்தோம். அதில் இன்னும் 5 கிடைத்தது. அதற்குப் பிறகு அடித்த 3 டப்பில் ஒன்றும் இல்லை. தூங்கும்போது மணி 1.

முருகேசன் மாமா 6:31
நான் சொன்னேன் அல்லவா, ஹீட்தான் என்று.

செல்வம் 6:32
ஏற்றச் சொன்னீர்கள் மாமா 😂

கார்த்தி 7:15
ஒழுகல் ஒன்றே ஒன்று. அதுவும் 6-ம் நம்பர் டப், சீல் குறுக்கே ஃபிலிம் மடிந்திருந்தது. ஆனால் தெர்மாமீட்டர், கிளம்பும்போது 5, கடைசி வீட்டில் 12. பெட்டிக்குள் ஐஸ் உடைத்துப் போடட்டுமா?

பெரியப்பா 7:28
உடைத்த ஐஸ் வேண்டாம், உருகின தண்ணீரில் பாக்கெட் நனைந்தால் ஒழுகல் மறுபடி கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் பாட்டிலை உறையவைத்து மேல் அடுக்கில் படுக்க வை, குளிர் கீழே இறங்கும். ஆனால் ஐஸ் வந்து காப்பாற்றும் என்று நினைக்காதே. ஒரு டப்பில் 12 லிட்டர், அதை 10 டிகிரியிலிருந்து 4-க்கு இறக்கவே ஏறக்குறைய ஒரு கிலோ ஐஸ் முழுசாக உருக வேண்டும், அதற்குள் உன் ரவுண்டு முடிந்துவிடும். ஏற்றும்போதே குளிர்ந்திருக்க வேண்டும், மூடி திறந்திருக்கிற நேரம் குறைய வேண்டும்.

கார்த்தி 7:33
வீட்டுக்கு வீடு திறந்துதானே ஆக வேண்டும் பெரியப்பா. பெட்டியை இரண்டாகப் பிரித்து, ஒரு தெரு முடியும்வரை மற்றதைத் திறக்காமல் இருந்தால்?

செல்வம் 7:40
இரண்டாவது பெட்டிக்கு இந்த மாதம் பணம் இல்லை. தெருக்கோடி மளிகைக்கடை ஃப்ரிட்ஜில் பாதியை வைத்துவிட்டு எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்.

கார்த்தி 7:41
அவர் 6 மணிக்குத்தான் கடை திறப்பார்.

கௌரி அத்தை 8:12
கார்த்தி, நாளையிலிருந்து கேட்டில் போடாதே. எதிர் வீட்டில் கொடுத்துவிடு, அவர்கள் 5 மணிக்கே எழுந்துவிடுவார்கள்.