கட்டி முடிக்கும் முன் கட்டிய வட்டி: ஐந்தில் ஒரு பங்கில் நான் செய்த பிழை

தாம்பரம் வாசி

2019 செப்டம்பரில் 20 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கினேன். 2022 ஜூன் 30 அன்று வேலை முடிந்து சாவி கைக்கு வந்தது. வீடு முடியும் முன் கட்டிய வட்டியை ஐந்து ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து வருமான வரிக் கணக்கில் கழிக்கலாம் என்பதால், அதுவரை கட்டிய வட்டியை எல்லாம் கூட்டி, ஐந்தால் வகுத்து, ஒரு பங்கை அந்த ஆண்டுக் கணக்கில் காட்டினேன். பிழை அந்தக் கூட்டலில்தான் நேர்ந்தது. 2022 மார்ச் 31 வரை கட்டிய வட்டி 2,75,000 ரூபாய். அதனுடன் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான 38,000 ரூபாயையும் சேர்த்து 3,13,000 என்று எடுத்துக்கொண்டதால், ஒரு பங்கு 62,600 ஆயிற்று. மீதி ஒன்பது மாத வட்டியான 1,14,000 ரூபாயைச் சேர்த்து 1,76,600 கோரினேன்.

2024 பிப்ரவரியில் வங்கியின் வட்டிச் சான்றிதழ்களை வரிசையாக மேசையில் பரப்பியபோதுதான், அவை ஒவ்வொன்றும் மார்ச் 31-இல் முடிவது என் கண்ணில் பட்டது. வீடு முடிந்த நிதியாண்டின் வட்டி, சாவி வாங்கும் முன் கட்டியதானாலும், முழுவதும் அந்த ஆண்டுக்கே உரியது. அப்படிப் பார்த்தால் 1,52,000-உடன் 55,000 சேர்ந்து 2,07,000 ஆகி, உச்சவரம்பான 2,00,000 முழுவதும் எனக்குக் கிடைத்திருக்கும். 23,400 ரூபாய்க் கழிவு போயிற்று; என் 20 சதவீத விகிதத்தில், 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து, வரி ஏறத்தாழ 4,870 ரூபாய். திருத்திய கணக்கைத் தாக்கல் செய்ய 2023 டிசம்பர் 31 வரையே அவகாசம் இருந்தது. தொகை பெரிதில்லை, ஆனால் ஒரு தேதியைக் கவனிக்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

மதுரைக்காரர்

நீங்கள் மார்ச் 31 பற்றிச் சொல்வது சரியே. எனக்கும் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். ஆனால் அந்த ஐந்தில் ஒரு பங்கு 2 லட்சத்துக்கு மேலே தனியாகக் கிடைக்கும் என்று அறிகிறேன். ஆகவே நீங்கள் 2,07,000 முழுவதையும் கோரியிருக்கலாம்.

ஓய்வுபெற்ற கணக்கர்

மதுரை நண்பர் சொல்வதை யாரும் பின்பற்ற வேண்டாம். சொந்தக் குடியிருப்பு என்றால் நடப்பு வட்டியும் ஐந்தில் ஒரு பங்கும் சேர்ந்துதான் 2 லட்சத்துக்குள் அடங்க வேண்டும். மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. என்னிடம் வந்த ஒருவருக்கு நடப்பு வட்டியே 3,20,000 ரூபாய் இருந்தது. பழைய சான்றிதழ்களைத் தேடி ஒரு மாதம் வங்கிக்கு அலைந்து, 1,10,000 ரூபாய்ப் பங்கைக் கண்டுபிடித்து வந்து நின்றார். அதில் ஒரு ரூபாய்கூடப் பயன்படாது என்று சொன்னபோது அவர் முகம் வாடியதை என்னால் மறக்க இயலவில்லை.

அதே வீட்டை அவர் வாடகைக்கு விட்டிருந்தால் 4,30,000 முழுவதையும் வாடகை வருமானத்தில் கழித்திருக்கலாம். பழைய வரிமுறையில், அதனால் வரும் நட்டத்தில் 2 லட்சம் வரை சம்பளத்துக்கு எதிராகவும், எஞ்சியதை எட்டு ஆண்டுகள் வரை வீட்டு வருமானத்துக்கு எதிராகவும் காட்டலாம். இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன்: ஐந்து பங்குகளும் அந்தந்த ஆண்டோடு கட்டப்பட்டவை. நடுவில் ஓர் ஆண்டு புதிய வரிமுறைக்குப் போனால், சொந்தக் குடியிருப்புக்கு அந்த ஆண்டின் பங்கு கிடைக்காது. ஆறாம் ஆண்டில் அதைக் கேட்கவும் முடியாது. எனவே வரிமுறையை மாற்றும் முன் எத்தனை பங்குகள் மீதி இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

கோவை ஆசிரியை

எனக்கு ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும்கூடப் பேச்சே போகவில்லை. 2017 ஜனவரியில் கடன் வாங்கினேன். பில்டர் இழுத்தடித்து 2022 மே மாதம்தான் முடித்துக் கொடுத்தார். கடன் வாங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து ஐந்து ஆண்டுகள், அதாவது 2022 மார்ச் 31-க்குள், வீடு முடிந்திருக்க வேண்டும் என்பதால், எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 30,000 ரூபாய்தான் என்றார் ஆடிட்டர். இரண்டு மாதத் தாமதம் அவ்வளவையும் தின்றுவிட்டது. அசலில் கட்டியதையாவது ஐந்தாகப் பிரித்துக் கேட்க முடியுமா?

ஓய்வுபெற்ற கணக்கர்

முடியாது அம்மா, ஐந்தாகப் பிரிப்பது வட்டிக்கு மட்டுமே. ஆனால் அந்த 30,000 வரம்பு சொந்தக் குடியிருப்புக்குத்தான். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், தாமதத்தைக் காரணம் காட்டி வட்டியைக் குறைக்க மாட்டார்கள்.

தாம்பரம் வாசி

கணக்கர் ஐயாவிடம் ஒரு கேள்வி. கோவை அம்மையாருக்கு வங்கி பணத்தைத் தவணை தவணையாகத்தானே கொடுத்திருக்கும்? 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த தவணைகளுக்கு ஐந்தாண்டைத் தனியாக எண்ண இடமுண்டா?

ஓய்வுபெற்ற கணக்கர்

அப்படி வாதாடுபவர்கள் உண்டு. முதல் தவணைத் தேதியையே எடுப்பவர்களும் உண்டு. அம்மா, ஒவ்வொரு தவணையும் வந்த தேதியை வங்கியில் எழுத்தாக வாங்கி, உங்கள் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.