பொருள்: நீர்த்தேக்கமா, நீர் தங்கலா? (வியாழன் அச்சு)

மட்டக்களப்பு, கிளினிக் தாதி:
மூன்று நாலு மருந்துக்கும் பிரஷர் இறங்காதவர்களுக்குக் கடைசியில் தருகிற மினொக்சிடில், ஹைட்ரலசின் பற்றிய துண்டுத்தாள் இது. இரண்டு சொல் இடிக்குது. உடம்பில் உப்பும் நீரும் நிற்பதற்குப் பழைய தாளில் 'நீர்த்தேக்கம்' என்றிருந்தது. ஒரு அம்மா மினொக்சிடில் தொடங்கி ஐந்து நாளில் மூன்று கிலோ கூடி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுது என்று வந்தா. பஸ்ஸில் மூத்திரம் முடுக்குது என்று புருசமைட்டை நிறுத்தியிருக்கிறா. தாளை வாசிக்கவில்லையா என்றேன். "வாசிச்சனான் மகள், உன்னிச்சைக் குளத்தில தண்ணி தேங்கினா எனக்கென்ன?" என்றா.
மற்றச் சொல், முகத்தில் முடி வளர்வதற்கு.

களுவாஞ்சிக்குடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தேங்கு தன்வினை, தேக்கு பிறவினை. நீர் தானே நின்றால் 'தேங்கல்'. இரண்டாவதற்கு 'மிகைமயிர்'. 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா' என்று வள்ளுவரே சொன்ன பிறகு ரோமம் எதற்கு?

கல்முனை, மருந்தாளர்:
சேர், குறளில் கவரிமாவுக்குச் சொன்னதைக் கவுண்டரில் ஒரு பொம்பிளைக்குச் சொன்னால் குளிசை என் முகத்துக்குத்தான் வரும்.

அம்பாறை, மொழிபெயர்ப்பாளர்:
இரண்டு மருந்துக்கும் பொதுவாக 'ஆண்முடி வளர்ச்சி' என்று போடலாமே.

மட்டக்களப்பு, வைத்தியர்:
நீர் நிற்பது இரண்டுக்கும் பொது. முடி மினொக்சிடிலுக்கு மட்டும். ஹைட்ரலசினில், அதுவும் கூடிய அளவில் நாட்பட எடுத்தால், மூட்டு நோவும் காய்ச்சலும் வரலாம். 'ஆண்முடி'யும் பிழை, ஓமோன் மாறுவதில்லை. இருக்கிற மெல்லிய முடிதான் மூன்று முதல் ஆறு கிழமைக்குள் நெற்றியோரம், புருவ நடு, கன்னம் என்று தடிக்கும். மருந்தை விட்டால் சில மாதத்தில் பழையபடி ஆகும். அதற்காகச் சொல்லாமல் விட்டால் பிரஷர் பாயும்.
சேரின் பிறவினைதான் இங்கே பொருந்துது. குழாய்கள் விரிந்து அழுத்தம் விழ, நீர் குறைந்துவிட்டதென்று நினைத்துச் சிறுநீரகம் உப்பைத் தேக்குது. அதனால்தான் புருசமைட்டும், இதயம் படபடக்காமல் பீட்டா புளொக்கரும் சேர்த்தே கொடுக்கிறது.

அக்கரைப்பற்று வாசகர்:
என் மருமகன் மொட்டைக்கு இதே பெயர்த் தண்ணியைத் தலையில் பூசுறார். அவருக்கும் கால் வீங்குமா? குளிசையாகக் குடித்தால் கெதியாய் முளைக்குமா?

வைத்தியர்:
பூசுவதில் இரத்தத்துக்குப் போவது கொஞ்சம்தான். முடிக்காக அவராகக் குளிசை வாங்கிக் குடிக்கக் கூடாது.

மருந்தாளர்:
'பூனைமுடி தடித்தல்' என்று போடுங்கள். எங்கட பொம்பிளையள் சொல்லுறதே அதுதான்.

தமிழாசிரியர்:
பூனைக்கு ஏது முடி? முடி என்றால் உச்சி, மகுடம். மயிர்தான்.

தாதி:
ஐந்து பேர் 'நீர் தங்கல்', நாலு பேர் 'பூனைமுடி தடித்தல்'. அச்சுக்கு இப்படிப் போகுது: "காலையில் சலம் கழித்தபின், ஒரே தராசில், தினமும் நிறை பாருங்கள். இரண்டு கிலோ கூடினால், கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் வாருங்கள். பூனைமுடி தடித்தால் வழிக்கலாம். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்."

தமிழாசிரியர்:
'வழிக்கலாம்' நல்ல சொல். 'பூனைமுடி'க்கு என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும்.