புதுப்பிப்பு: கல்யாணம் முடிந்து வந்த குத்துவிளக்கு

என் கேள்வி: "பரிசு கல்யாணத்துக்கு அப்புறம்தான் வந்தது. பணம் கேட்டு விற்றவருக்கு எப்படி எழுதுவது?"

பணம் வந்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. முதல் கடிதத்தில் கல்யாணக் கதையை எல்லாம் எழுதினேன். "எங்கள் தவறல்ல, கூரியர் தாமதம்" என்று பதில் வந்தது.

என் கேள்விக்கு இங்கே பதிலெழுதிய வக்கீல் அண்ணா சொன்னபடி இரண்டாவது கடிதத்தில் மூன்றே வரி: "12ஆம் தேதிக்குள் தருவதாக ஆர்டரில் சொன்னீர்கள். 17ஆம் தேதி வந்தது. 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி, சொன்ன தேதி தாண்டினால் பணத்தைத் திருப்ப மறுக்க முடியாது." ஆர்டர் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டும் இணைத்தேன். நான்காம் நாள் சம்மதித்தார்கள். வெள்ளம் மாதிரி காரணமென்றால் இந்த விதி பொருந்தாதாம்.

கல்யாணத் தேதியைக் கடிதத்தில் எழுதச் சொன்ன நண்பரின் யோசனை பாதி சரி. வாங்கும்போதே சொல்லியிருந்தால் உதவியிருக்கும். கிழிந்த புடவை வந்ததாகப் பதிலில் எழுதிய அக்கா, அது தாமதம் இல்லை, வேறு வழக்கு. எதிர்பாராதது: பரிசுப் பேக்கிங்குக்கு வாங்கிய 150 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.