படத்தைச் சின்னதாக்கினா லயத்து லைட் ஏன் மறையுது?

பொகவந்தலாவ: எதிர்மலைத் தோட்டத்து லய வீடுகளை ராத்திரி எடுத்த படம், 6000 பிக்சல் அகலம். 1500க்குக் குறைச்சா தூரத்து லைட்டெல்லாம் மறைஞ்சிடுது. ஷார்ப்பன் போட்டும் வரல. ஏன்?

பழைய லென்ஸ்: படத்தைக் குறைக்கிற பில்டர்தான் பிரச்சினை தம்பி, லான்சோஸ் பில்டர் போடுங்க. வெளிச்சத்தை வளைச்சு எண்ணா எழுதுற காமாதான் காரணம்னு யாராவது சொல்ல வருவாங்க. அது பழைய டியூப் டிவிக்காக வந்தது, எல்சிடிக்கு அவசியமே இல்ல.

கொழுந்து: டியூப்ல இருந்து வந்ததுங்கறது சரிதான் அண்ணே, ஆனா டியூப் போயும் காமா போகல. வெளிச்சத்தை நேரடியா 8 பிட்ல எழுதினா, 0க்கு அடுத்த படியே இப்போதைய கணக்குல 13ல போய் நிக்கும். இருட்டெல்லாம் பட்டை பட்டையாத் தெரியும். அதனாலதான் ஜேபெக்ல இருக்குற எண் வெளிச்சத்தோட அளவா இல்ல, வளைச்சு எழுதினதா இருக்கு.

தம்பி கேட்டதுக்கு வர்றேன். கால்வாசியாக் குறைச்சா 16 பிக்சல் ஒண்ணாகுது. அதுல லைட் ஒரு பிக்சல், 255. மிச்சம் 15ம் கறுப்பு. எண்களை அப்படியே சராசரி எடுத்தா 16 வருது. திரையில அது கிட்டத்தட்ட கறுப்புத்தான். வெளிச்சத்தைச் சராசரி எடுத்தா பதினாறில் ஒரு பங்கு, திரும்ப வளைச்சா 71. ரெண்டுக்கும் நடுவுல வெளிச்சம் 12 மடங்கு வித்தியாசம். போனதை ஷார்ப்பன் எப்படிக் கொண்டுவரும்? இமேஜ்மேஜிக் மென்பொருள்ல வெளிச்சத்தைச் சராசரி எடுத்துக் குறைக்கிற கட்டளை இது:

```
magick in.jpg -colorspace RGB -filter Box -resize 25% -colorspace sRGB out.jpg
```

இடையில 8 பிட் கோப்பா சேமிச்சிடாதீங்க. உங்க மென்பொருள் எப்படிச் செய்யுதுன்னு பார்க்க, ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளைன்னு மாறி மாறிக் கோடு போட்ட படத்தைப் பாதியாக்குங்க. 188 வந்தா வெளிச்சக் கணக்கு, 128 வந்தா வெறும் எண் கணக்கு.

பண்டாரவளை ஸ்டூடியோ: எங்களுக்கு இது ஒத்துவரல. ஸ்கேன் பண்ணின கோயில் திருவிழா நோட்டீஸை இப்படிக் குறைச்சோம், எழுத்து மெலிஞ்சு வெளிறிப்போச்சு.

கொழுந்து: வெள்ளையில கறுப்பெழுத்து அப்படித்தான் ஆகும். ஓரத்துப் பிக்சல் 128க்குப் பதிலா 188 ஆகுது. கணக்குல தப்பில்ல, ஆனா வாசிக்கிறவங்க கண்ணுக்குப் பழைய முறைதான் நல்லாருக்கும். நோட்டீஸுக்கு அதையே வச்சுக்குங்க.

பழைய லென்ஸ்: அந்தக் கட்டளையில Boxக்குப் பதிலா Lanczos போட்டுப் பார்த்தேன். லைட்டெல்லாம் வருது, ஒத்துக்கிறேன். ஆனா ஒவ்வொரு லைட்டைச் சுத்தியும் கறுப்பு வளையம்.

கொழுந்து: லான்சோஸ் வெளிச்சத்துக்குப் பக்கத்துல கொஞ்சம் கீழ இறக்கும். இருட்டுல சின்ன இறக்கமும் வளைச்சா பெருசாத் தெரியும். Box இல்லாட்டி Mitchell போடுங்க, வளையம் குறையும். கூர்மையும் கொஞ்சம் குறையும்.

பொகவந்தலாவ: Boxல லைட் வந்திடுச்சு, வரிசை எண்ணலாம் போல இருக்கு. ஆனா வானம் முன்னைவிட வெளுத்திருக்கு.

கொழுந்து: ஐஎஸ்ஓ கூட்டி எடுத்திருப்பீங்க. வானத்து நாய்ஸ் புள்ளிகளும் லைட் மாதிரியே எண்ணப்படுது. குறைக்கிறதுக்கு முன்ன நாய்ஸை எடுங்க.

பழைய லென்ஸ்: எடுத்தா ஒரு பிக்சல் லைட்டும் சேர்ந்து போயிடுமே?